கடிகாரம் மறைந்த மணிக்கட்டு

2012 ஏப்ரலில் ரஷ்யாவில் ஒரு புகைப்படம் பெரும் பேச்சானது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைவர் பேட்ரியார்க் கிரில், பளபளப்பான மேசை முன் அமர்ந்து அமைச்சர் ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கும் படம் அது. படம் எடுக்கப்பட்டது 2009இல். திருச்சபையின் இணையதளத்தில் இருந்த அந்தப் படத்தில் அவருடைய இடது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. ஆனால், கைக்குக் கீழே மேசையின் வார்னிஷ் பரப்பில் ஒரு கைக்கடிகாரத்தின் பிம்பம் தெளிவாகத் தெரிந்தது. விலையுயர்ந்த ப்ரெகே கடிகாரத்தைக் கையிலிருந்து அழித்தவர்கள், மேசையிலிருந்து அழிக்க மறந்திருந்தார்கள். திருச்சபை மன்னிப்புக் கேட்டு, அசல் படத்தையே திரும்பப் போட்டது.

படத்திருத்தம் செய்பவர்கள் இந்தச் சம்பவத்தை அடிக்கடி நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. கையில் கட்டியிருக்கும் பொருள் கையோடு முடிந்துவிடுவதில்லை. அது தோலின் மேல் நிழல் போடுகிறது. தோலை அழுத்தி இருபுறமும் பிதுக்குகிறது. தன் நிறத்தைப் பக்கத்தில் உள்ளவற்றின் மேல் கொஞ்சம் பூசுகிறது. மாதக்கணக்கில் வெயிலைத் தடுத்து, தனக்கு அடியில் வேறு நிறத்தில் ஒரு பட்டையையே உண்டாக்கி வைத்திருக்கிறது. பொருளை அழிக்க இரண்டு நிமிடம் போதும். அது சுற்றிலும் விட்டுவைத்த இந்தத் தடயங்களைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாகச் சரிசெய்வதில்தான் மீதி ஒரு மணி நேரமும் போகும்.

படத்திலிருந்து கடிகாரத்தை எடுக்கும் வேலை கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1945 மே 2 அன்று பெர்லினில், ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி ஏற்றப்படும் காட்சியை யெவ்கேனி கால்தேய் எடுத்தார். கொடி பிடித்தவரைக் கீழிருந்து தாங்கிக்கொண்டிருந்த வீரரின் இரண்டு மணிக்கட்டுகளிலும் கடிகாரம் போல ஏதோ தெரிந்தது. இரண்டு கடிகாரம் என்றால் ஒன்று கொள்ளையடித்ததாக இருக்கும் என்று பார்ப்பவர்கள் நினைத்துவிடக்கூடும். அதனால் பிரசுரிப்பதற்கு முன் வலது கையில் இருந்தது நெகட்டிவிலேயே ஊசியால் சுரண்டப்பட்டது. அது கடிகாரமே இல்லை, திசைகாட்டி என்று சொல்பவர்களும் உண்டு.

ஊசி என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நெகட்டிவில் வெள்ளிப் படலத்தைச் சுரண்டினால் அந்த இடத்தில் ஒளி தடையில்லாமல் புகுந்து, அச்சுப் படத்தில் கறுப்பு விழும். அதே நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் மெல்லத் தீட்டினால் அச்சில் அந்த இடம் வெளுக்கும். பழைய ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ மேசை போட்டு உட்கார்ந்தவர்கள் முகச் சுருக்கங்களை மென்மையாக்கியது இந்தப் பென்சிலால்தான். சுரண்டினால் கறுப்பு, தீட்டினால் வெளுப்பு என்ற இரண்டு வழிதான் அவர்களிடம் இருந்தது. சிறிய உருவம் ஒன்றின் மணிக்கட்டில் இருந்த பொருளைக் கறுப்பில் கரைத்துவிட அது போதுமானதாக இருந்தது. அங்கே புதிதாகத் தோலை உருவாக்கும் தேவை எழவில்லை.

இன்றைய படங்களில் அந்தச் சலுகை கிடையாது. 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000 புள்ளி அகலம் உள்ளது. அதில் ஒரு மணிக்கட்டே நானூறு, ஐநூறு புள்ளி அகலத்துக்கு வரும். மயிர்க்கால்கள்கூட எண்ணும்படி தெரியும். கல்யாண ஆல்பத்தில் அதை இரண்டு பக்கத்துக்கு விரித்து அச்சடிக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு கல்யாணப் படத்தையே எடுத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை மணப்பெண்ணின் கையைப் பிடித்திருக்கிறார். அவருடைய வலது மணிக்கட்டில் மஞ்சள் கோத்த கங்கணம். இடது மணிக்கட்டில் கறுப்பு ரப்பர் வார் போட்ட ஸ்மார்ட் வாட்ச். அவசரத்தில் யாரும் கழற்றச் சொல்லவில்லை. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போதுதான் வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் அது படுகிறது. பட்டு வேட்டியும் மாலையுமாக இருக்கும் படத்தில் அது மட்டும் வேண்டாம் என்கிறார்கள். ஸ்டூடியோக்களுக்கு வாராவாரம் வரும் வேலை இது.

அனுபவமுள்ள திருத்துநர் முதலில் எந்தக் கருவியையும் தொடமாட்டார். படத்தை நூறு சதவீத அளவில் பெரிதாக்கி, கடிகாரத்தைச் சுற்றி விரல் அகலத்துக்கு என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பார். இந்தப் படத்தில் அவருக்குத் தெரிவது இது: வாரின் கீழ் விளிம்பை ஒட்டி மெல்லிய கருநிழல். வாருக்கு மேலே, முழங்கைப் பக்கம், தோல் லேசாகப் பிதுங்கி அதன் முகட்டில் ஒரு வெளிச்சக் கோடு. கடிகாரம் சற்று நழுவியிருப்பதால் வாருக்கு அருகில் நூலளவுக்கு வெளுத்த தோல். டயலுக்கும் தோலுக்கும் இடையே உள்ள சந்தில் ஒரு பச்சைச் சாயல். நாடித்துடிப்பை அளக்க இந்தக் கடிகாரங்கள் அடிப்பக்கத்தில் பச்சை விளக்கை எரிக்கின்றன; அதன் ஒளி தோலில் கசிந்திருக்கிறது. கடைசியாக, மணப்பெண்ணின் பட்டுச் சேலை மடிப்பின் மேல் கடிகாரத்தின் மங்கலான நிழல். இத்தனையும் சேர்த்துத்தான் அழிக்க வேண்டிய பரப்பு. வாரின் ஓரத்தோடு ஒட்டி வெட்டினால் இந்த ஐந்தும் படத்திலேயே தங்கி, கடிகாரம் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த வேலை கையின் வெளிக்கோடு. கடிகாரம் கையைவிட அகலமாக இருபுறமும் நீட்டிக்கொண்டிருப்பதால் அந்த இடத்தில் கையின் உண்மையான ஓரம் மறைந்து கிடக்கிறது. மேலும் கீழும் தெரியும் ஓரங்களை நேர்கோட்டில் இணைத்துவிடலாம் என்று தோன்றும். அப்படி இணைத்தால் கை துணிக்கடை பொம்மையின் கை போல ஆகிவிடும். முன்கை மணிக்கட்டை நோக்கி வரவரக் குறுகும். சுண்டுவிரல் பக்கத்தில் அல்னா எலும்பின் நுனி ஒரு மொட்டாகத் தூக்கி நிற்கும். அதைத் தாண்டியதும் மணிக்கட்டு தன் மிகக் குறுகிய இடத்துக்கு வந்து, பிறகு உள்ளங்கையாக விரியும். கடிகாரம் கட்டுவது பெரும்பாலும் இந்த மொட்டின் மேலோ அதற்குச் சற்று மேலேயோதான். ஆகவே மறைந்திருக்கும் பகுதியில் அந்த மேடு இருக்கிறதா, கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

இதற்குத் திருத்துநர்கள் கையாளும் வழி எளிமையானது. தன் கையையோ பக்கத்து மேசைக்காரரின் கையையோ அதே கோணத்தில், ஜன்னல் வெளிச்சம் அதே பக்கத்திலிருந்து விழும்படி வைத்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதை அப்படியே ஒட்டுவதற்காக அல்ல. மேடு எங்கே எழுகிறது, நிழல் எங்கே திரும்புகிறது என்று பார்த்து வரைவதற்காக. அதைப் பார்த்துப் பென் டூலில் வெளிக்கோட்டை வரைந்து, கோட்டுக்கு வெளியே இருக்கும் கடிகாரத் துண்டுகளை வேட்டி, சேலை, பின்னணி என்று அந்தந்த இடத்துக்கு உரியதைக் கொண்டு முதலில் மூடிவிடுவார்கள். வெளிப்புறம் முடிந்த பிறகுதான் தோலுக்கு வருவது.

தோல் வேலையில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஹீலிங் பிரஷ். 2002இல் வெளியான போட்டோஷாப் 7இல் இது வந்தபோது பலர் நெடுநாள் தலைவலி தீர்ந்தது என்றே நினைத்தார்கள். அதற்கு முன் இருந்த க்ளோன் ஸ்டாம்ப், ஓரிடத்தில் இருப்பதை அப்படியே இன்னோரிடத்தில் படியெடுத்து வைக்கும். நிறமும் வெளிச்சமும் ஒத்துப்போகாவிட்டால் ஒட்டுப் போட்டது தெரியும். ஹீலிங் பிரஷ் அப்படிச் செய்வதில்லை. எடுத்த இடத்திலிருந்து நுண்ணிய ஏற்ற இறக்கங்களை, அதாவது துளைகளையும் சின்னக் கோடுகளையும் மட்டும் கொண்டுவரும். நிறத்தையும் வெளிச்சத்தையும், ஒட்டும் இடத்தின் ஓரங்களைப் பார்த்துத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். 2003இல் பெரேஸ், காங்னே, பிளேக் என்ற மூவர் வெளியிட்ட ‘பாய்சன்’ முறைப் படக்கலப்பு ஆய்வுக்கட்டுரையும் இதே வகைக் கணக்கைத்தான் விளக்கியது.

இந்தக் கருவியின் பலமே மணிக்கட்டில் பலவீனமாகிறது. முகத்தில் பருவை எடுக்கும்போது சுற்றிலும் தோல்தான் இருக்கும். ஓரத்து நிறத்தைப் பார்த்து நிரப்பினால் சரியாக வரும். கறுப்பு வாரின் பக்கத்தில் அதே பிரஷ்ஷை ஓட்டினால் ஓரத்தில் கறுப்பு இருக்கிறது. கருவி அந்தக் கறுப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டு தோலுக்குள் இழுத்துவிடும். அழுக்குக் கையால் துடைத்தது போன்ற கறை விழுவது இதனால்தான். எதிர்முனையில், கை முடிந்து பின்னணி தொடங்கும் ஓரத்திலும் இதே தொல்லை. அதனால் வரிசையை மாற்றுகிறார்கள். முதல் சுற்றில் க்ளோன் ஸ்டாம்ப்பால் முரட்டுத்தனமாகவேனும் தோலைப் போட்டு, அந்தப் பகுதியில் ஒரு கறுப்புப் புள்ளிகூட மிஞ்சாமல் செய்துவிடுவார்கள். ஒட்டு தெரிந்தாலும் கவலையில்லை. எங்கு பார்த்தாலும் தோல்தான் என்று ஆன பிறகு, இரண்டாம் சுற்றில் ஹீலிங் பிரஷ்ஷால் அந்த ஒட்டுகளை மட்டும் ஆற்றுவார்கள்.

முதல் சுற்றில் தோலை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு ஒரு விதி உண்டு. கை உருண்டையானது. வெளிச்சம் ஒரு பக்கத்தில் விழுந்து, கையின் குறுக்கே போகப்போகக் குறைந்து, மறுபக்கம் நிழலாகிறது. ஆனால் கையின் நீளவாக்கில் பார்த்தால் வெளிச்சம் ஏறக்குறைய மாறாமல் ஓடுகிறது. ஆகவே கட்டைவிரல் பக்கம் மறைந்த இடத்துக்குக் கட்டைவிரல் பக்கத்து முன்கையிலிருந்து, நடுப்பகுதிக்கு நடுப்பகுதியிலிருந்து, சுண்டுவிரல் ஓரத்துக்கு அந்த ஓரத்திலிருந்து என நீளவாக்கில் மட்டும் நகர்த்தி எடுக்க வேண்டும். குறுக்கே எடுத்தால் வெளிச்சத்தில் கிடந்த தோல் நிழலுக்குள் போய் உட்கார்ந்து, கை தட்டையாகிவிடும். தோலின் வகையும் குறுக்கே போனால்தான் மாறுகிறது. புறங்கைப் பக்கம் ரோமமும் சாய்சதுரக் கட்டங்கள் போல நுண்கோடுகளும் உண்டு. உட்பக்கம் ரோமம் குறைந்து, தோல் மெலிந்து, நரம்பு நீலமாகத் தெரியும். நம்மூர் மாநிறத்தில் இந்த இரண்டு பக்கத்துக்கும் நிறமே வேறு.

நிறத்தையும் நுண்தன்மையையும் ஒரே நேரத்தில் சரிசெய்வது கடினம். அதனால் படத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. ஒரு லேயரை மங்கலாக்கி நிறமும் வெளிச்சமும் மட்டும் தங்கும்படி செய்கிறார்கள். இன்னொரு லேயரில் துளை, ரோமம், கோடு மட்டும் நிற்கும். 8 பிட் படத்தில் மேல் லேயரை வைத்து Apply Image திறந்து, மங்கலான லேயரைக் காட்டி, Subtract, Scale 2, Offset 128 என்று கொடுத்து, பிறகு அந்த லேயரை Linear Light ஆக்கினால் இரண்டும் சேர்ந்து அசல் படம் அப்படியே திரும்பத் தெரியும். எவ்வளவு மங்கலாக்குவது என்பது படத்தைப் பொறுத்தது. துளைகள் மறைந்து, கையின் உருட்சி மட்டும் தெரியும் அளவில் நிறுத்த வேண்டும். இந்தக் கல்யாணப் படத்தின் அளவுக்குப் பத்துப் புள்ளி சுற்றளவில் வரும்.

பிரித்த பிறகு மங்கல் லேயரில் பெரிய மென்மையான பிரஷ்ஷால் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குத் தீட்டிக்கொள்ளலாம். நுண்தன்மை லேயரில் முன்கைத் தோலைக் கொண்டுவந்து பதிக்கலாம். மாப்பிள்ளையின் வலது மணிக்கட்டில் கங்கணத்துக்கு மேலே உள்ள தோல் வெறுமையாக இருப்பதால், அதன் நுண்தன்மையை எடுத்து இடம் வலமாகப் புரட்டி இடது கையில் வைக்கவும் முடியும். அவருடைய சொந்தத் தோலைவிடப் பொருத்தமான மூலம் கிடைக்காது. ஆனால் புரட்டும்போது வெளிச்சத்தின் திசையும் புரண்டுவிடும் என்பதால் வலது கையிலிருந்து நிறத்தை எடுக்கக்கூடாது, நுண்தன்மையை மட்டுமே எடுக்கலாம். ரோமத்தின் சாய்வையும் பார்க்க வேண்டும். முன்கையின் பின்பக்க ரோமம் பொதுவாகச் சுண்டுவிரல் ஓரத்தை நோக்கிப் படுத்திருக்கும். எதிர்த்திசையில் படுத்த ஒரு திட்டு இருந்தால், என்ன தவறு என்று சொல்லத் தெரியாதவர்கள்கூட அங்கே ஏதோ சரியில்லை என்று உணர்ந்துவிடுவார்கள். மணிக்கட்டை நெருங்க நெருங்க ரோமம் குறைகிறது. முன்கையிலிருந்து கொண்டுவந்ததில் நீளமானவற்றைக் களைந்துவிட வேண்டும்.

இனி மடிப்புகள். உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டில் குறுக்காக இரண்டு, சிலருக்கு மூன்று கோடுகள் ஓடும். கை எப்படியிருந்தாலும் அவை அழிவதில்லை. புறங்கைப் பக்கம் அப்படியல்ல. கை நேராக இருந்தால் அங்கே தெளிவான மடிப்பே இருக்காது. கையைப் பின்னுக்கு வளைத்தால் தோல் குவிந்து இரண்டு மூன்று மடிப்புகள் எழும். முன்னுக்கு மடக்கினால் தோல் இழுபட்டு வழவழப்பாகி, விரல்களுக்குப் போகும் தசைநார்கள் மேலெழும். நம் மாப்பிள்ளை மணப்பெண்ணின் கையைப் பிடித்துச் சற்றே பின்னுக்கு வளைத்திருக்கிறார். ஆகவே கடிகாரத்துக்குக் கீழே, கைப் பக்கம், ஒன்றிரண்டு மடிப்புகள் இருந்தாக வேண்டும். அவற்றின் முனைகள் வாரின் ஓரத்தில் எட்டிப் பார்க்கின்றனவா என்று தேடினால், கட்டைவிரல் பக்கம் ஒரு கோட்டின் வால் மட்டும் தெரிகிறது. அந்த வாலிலிருந்து தொடங்கினால் மறைந்த கோடு எந்தப் போக்கில் சென்றது என்பது தெரிந்துவிடும்.

மடிப்பை ஒரு கறுப்புக் கோடாக வரைபவர்கள் உண்டு. அது பேனாவால் கிறுக்கியது போலத்தான் நிற்கும். மடிப்பு ஒரு பள்ளம். அதன் ஒரு சரிவு நிழலில் இருக்கும், எதிர்ச் சரிவின் உதடு வெளிச்சத்தை வாங்கி மின்னும். அதனால் ஒவ்வொரு மடிப்புக்கும் கரிய கோடு ஒன்றும், அதை ஒட்டி வெளிச்சம் வரும் திசையைப் பார்த்த பக்கத்தில் வெளிர்கோடு ஒன்றும் வேண்டும். கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் இரண்டு போட்டு, ஒன்றை இருட்டாகவும் ஒன்றை வெளிச்சமாகவும் வைத்து, இரண்டின் மாஸ்க்கையும் கறுப்பாக்கிவிட்டு, மூன்று நான்கு புள்ளி அகல பிரஷ்ஷால் குறைந்த அழுத்தத்தில் மாஸ்க்கைத் திறந்துகொண்டே போனால் இது வரும். நடுவில் ஆழமாகவும் முனைகளில் கரைந்தும் போக வேண்டும். மாநிறத் தோலில் மடிப்பின் உட்பகுதி கறுப்பாக இருக்காது, செம்பழுப்பாக இருக்கும். கர்வ்ஸில் சிவப்பை மட்டும் கொஞ்சம் குறைவாக இருட்டாக்கினால் அந்த வெதுவெதுப்பு கிடைக்கும். வெறும் கறுப்பில் போட்ட மடிப்பு செத்துப்போன தோலின் மடிப்பாகத் தெரியும்.

இவ்வளவும் முடித்த பிறகு பாக்கி நிற்பது அந்த வெளுத்த நூல். மாப்பிள்ளை பைக்கில் வேலைக்குப் போய்வருபவர் போலிருக்கிறது. முன்கை கறுத்திருக்க, கடிகாரத்துக்கு அடியில் இருந்த தோல் அவருடைய இயல்பான நிறத்திலேயே இருந்திருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் தோலில் மெலனினைப் பெருக்குகிறது. வார் மறைத்த இடத்தில் அது நடப்பதில்லை. நிஜத்தில் அவர் கடிகாரத்தைக் கழற்றியிருந்தால் கையில் ஒரு வெளிர்பட்டை தெரிந்திருக்கும். வெயிலில் கறுத்தது முழுவதும் மங்கச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும்.

அப்படியானால் திருத்திய படத்தில் அந்தப் பட்டை இருக்க வேண்டுமா? இங்கே திருத்துநர் ஒரு முடிவுக்கு வர வேண்டும். பட்டையை முழுதாகக் காட்டினால் உண்மைக்கு நெருக்கம்தான். ஆனால் வெளுப்பாக இன்னொரு கடிகாரம் கையில் தெரியும். வீட்டார் கேட்டது அதையல்ல. பட்டையே இல்லாமல் சீராக்கினால் கண் அங்கே நிற்காது, ஆனால் வாருக்கு வெளியே எட்டிப்பார்த்த வெளுப்பையும் தேடி எடுத்தாக வேண்டும். இரண்டுமில்லாமல் பாதியில் விடுவதுதான் பெரிய பிழை. மேலே மட்டும் ஒரு வெளுத்த விளிம்பு, கீழே ஒன்றுமில்லை என்று இருக்கும் கையை இயற்கையில் எங்கும் பார்க்க முடியாது. கல்யாண ஆல்பத்துக்குச் சீராக்குவதே சரி. அதே நபரை வைத்து எடுக்கும் பயணக் கட்டுரைக்கோ நாடகத்துக்கான படத்துக்கோ, வெயிலில் அலைந்தவர் என்று காட்ட வேண்டியிருந்தால், பட்டையைக் கட்டியெழுப்புவதில் நியாயம் இருக்கிறது.

கட்டியெழுப்புவதானால் அதற்கும் முறை உண்டு. வெள்ளையைக் கலந்து வெளுக்க வைத்தால் மாநிறத் தோல் சாம்பல் பூத்தது போலாகிவிடும். வெயில் அதிகம் படாத இடம் அதே கையில் இருக்கிறது: முன்கையின் உட்பக்கமும் மேற்கையின் உட்பக்கமும். நிறத்தை அங்கிருந்து எடுக்க வேண்டும். பட்டையின் ஓரம் கத்தரித்தது போல் இருக்கக்கூடாது. நாள் முழுக்கக் கடிகாரம் மேலும் கீழும் நகர்வதால் எல்லை சில மில்லிமீட்டர் அகலத்துக்குப் படிப்படியாக மாறும். நடுவில் டயல் இருந்த இடம் அகன்றும், வார் போன இடம் குறுகியும் இருக்கும். மணிக்கட்டின் உட்பக்கம் திரும்பும்போது பட்டை மங்கி மறைந்துவிடும், ஏனென்றால் அந்தப் பக்கம் வெயிலே குறைவு. கையைச் சுற்றி ஒரே அழுத்தத்தில் பட்டையை ஓட்டியிருப்பதைப் பார்த்தால், அது கணினியில் போட்டது என்று உடனே சொல்லிவிடலாம்.

மோதிரம் சின்னப் பொருள். அதனாலேயே அது எளிது என்று நினைப்பார்கள். அங்கே சிக்கல் தோலில் இல்லை, விரலின் வடிவத்தில் இருக்கிறது. பல வருடம் போட்ட மோதிரம் விரலை இடுப்புப் பிடித்தது போல இறுக்கியிருக்கும். இருபுறமும் சதை பிதுங்கியிருக்கும். மோதிரத்தை மட்டும் தோலால் மூடினால், காரணமே இல்லாமல் நடுவில் குறுகிய ஒரு விரல் மிஞ்சும். லிக்விஃபை கருவியில் விரல் அகலத்தைவிடப் பெரிய பிரஷ் எடுத்து, குறுகிய இடத்தை மெல்ல வெளியே தள்ளி, பிதுங்கலை உள்ளே தள்ளி, முதலில் வடிவத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். தங்க மோதிரமானால் பக்கத்து விரலின் உட்புறத்தில் ஒரு மஞ்சள் ஒளி விழுந்திருக்கும். அதையும் எடுக்காவிட்டால் மோதிரம் போன பிறகும் அந்த மஞ்சள் அங்கேயே இருக்கும்.

வளையல்கள் வேறு வகை. ஒரு டஜன் கண்ணாடி வளையல் முன்கையில் பாதியை மறைத்துவிடும். ஆனால் இடையிடையே நூல் நூலாக உண்மையான தோல் தெரிந்துகொண்டிருக்கும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் அழித்துவிட்டு நிரப்புவது பெரிய இழப்பு. அந்த இடைவெளிகள்தான் கையின் நிறம், வெளிச்சம், வளைவு எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி காட்டும் சாட்சிகள். ஒவ்வொரு வளையலாக எடுத்து, அதன் இருபுறமும் உள்ள தோலைக் கொண்டே அந்தக் கீற்றை மூடி, பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். பச்சைக் கண்ணாடி வளையல் வழியாகப் புகுந்த வெளிச்சம் தோலில் பச்சைக் கீற்றுகளாக விழுந்திருக்கும். நிறத்தை மட்டும் மாற்றும் கலர் பிளெண்ட் முறையில் தோலின் நிறத்தைத் தீட்டினால் அது அடங்கும். வளையல்கள் சதா நகர்ந்துகொண்டே இருப்பதால் கடிகாரத்தைப் போல் தெளிவான வெயில் எல்லையை அவை உண்டாக்குவதில்லை. அந்த வகையில் ஒரு வேலை மிச்சம். மருதாணி இட்ட கையானால் அந்த மிச்சமும் போய்விடும். வளையலுக்கு அடியில் மறைந்த கொடியும் இலையும் என்ன என்று யாருக்கும் தெரியாது. தெரியும் பகுதியைப் பார்த்துக் கோலத்தைப் பூர்த்தி செய்யத் தெரிந்தவர் மட்டும் தொட வேண்டிய வேலை அது.

வேலை முடிந்ததா என்பதைத் தெரிந்துகொள்ளச் சில சோதனைகள் இருக்கின்றன. மிகப் பயனுள்ளது, எல்லா லேயர்களுக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் போட்டு அதன் கோட்டைப் பலமுறை ஏறி இறங்கும் அலையாக வளைத்துவிடுவது. படம் கண்டபடி நிறம் மாறிக் கோரமாகத் தெரியும். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத ஒளி வேறுபாடுகள் அப்போது வரைபடக் கோடுகள் போல எழுந்து நிற்கும். இயல்பான கையில் அந்தக் கோடுகள் முன்கையிலிருந்து விரல் வரை தடையில்லாமல் ஓடும். ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும் முறியும், அல்லது தீவு போல வட்டமிடும். நம் படத்தில் அப்படிப் போட்டுப் பார்த்தால் பழைய பிதுங்கலின் முகட்டுக் கோடு இன்னும் அங்கேயே கிடப்பது தெரியவரும். சாதாரணமாகப் பார்க்கும்போது அது கண்ணில் பட்டிருக்காது. அச்சில் பட்டிருக்கும்.

இன்னொன்று மணல் போன்ற நுண்புள்ளிகள். மண்டப வெளிச்சத்தில் கேமராவின் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த படம் முழுவதும் அவை பரவியிருக்கும். பிரஷ்ஷால் தீட்டிய இடத்தில் இருக்காது. அந்த இடத்துக்கு மட்டும் ஆட் நாய்ஸ் கொடுத்து, படத்தின் மற்ற பகுதியோடு சேர்த்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரே மச்சமோ ஒரே மாதிரித் துளைக் கூட்டமோ இரண்டு இடத்தில் தெரிந்தால் அதுவும் பிடிபடும். பிடிபட்டால் இரண்டில் ஒன்றை மாற்றிவிடலாம்.

இந்தத் திறமைக்கு இடமில்லாத ஒரு களமும் இருக்கிறது. செய்திப் படத்தில் இதில் எதையும் செய்யக்கூடாது. 2014 ஜனவரியில், புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் ஒருவரான நார்சிசோ கான்ட்ரேராஸ் என்ற புகைப்படக்காரருடன் அசோசியேட்டட் பிரஸ் தன் உறவை முறித்துக்கொண்டது. சிரியப் போர்க்களப் படம் ஒன்றின் மூலையில் தெரிந்த சக பத்திரிகையாளரின் வீடியோ கேமராவை க்ளோன் செய்து அவர் மறைத்திருந்தார். படத்தின் பொருளுக்கு அது சம்பந்தமே இல்லாத பொருள். ஆனாலும் மறைத்தது மறைத்ததுதான் என்பது நிறுவனத்தின் நிலை, அது சரியான நிலையும்கூட. கல்யாண ஆல்பம் வீட்டாருக்குச் சொந்தம். தங்கள் கையில் எது தெரிய வேண்டும் என்று அவர்கள் சொல்லலாம். செய்திப் படத்தில் யார் கையில் என்ன இருந்தது என்பது படிப்பவருக்குச் சொந்தமான தகவல்.

எல்லாப் படத்திலும் இது முடியும் என்றும் இல்லை. வாட்ஸ்அப் வழியாகச் சுருங்கி வந்த படத்தில் தோலின் நுண்தன்மை ஏற்கெனவே கட்டம் கட்டமாக உடைந்திருக்கும்; அதில் பதிக்க எந்த மூலமும் கிடைக்காது. முழுக்கைச் சட்டையின் ஓரம் வரை கடிகாரம் ஏறியிருந்து முன்கையே தெரியாத படத்தில், சட்டைக் கையை நீட்டி மறைத்துவிடுவதுதான் நேர்மையான வழி. வேறொருவரின் தோலைக் கொண்டுவந்து ஒட்டினால் கையின் வயதே மாறிவிடும்.

இந்தக் கஷ்டங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கல்யாணப் புகைப்படக்காரர்கள் இப்போது முகூர்த்தத்துக்கு முன்பே மாப்பிள்ளையின் கையைப் பார்த்துவிடுகிறார்கள். கேமரா முன் நிறுத்திய பிறகு கழற்றச் சொல்வதில் பயனில்லை. வார் அழுத்திய வரிகள் தோலில் பல நிமிடங்கள் நிற்கும்; வெளுத்த பட்டையும் அப்படியே தெரியும். அதனால் அலங்காரத்துக்கு உட்காரும்போதே கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். வேட்டி கட்டி முடிப்பதற்குள் அழுத்திய தடம் தணிந்துவிடுகிறது. பட்டைக்கு, முகத்துக்குப் போடும் ஃபவுண்டேஷனில் முன்கை நிறத்துக்குப் பொருந்தும் ஒன்றை மேக்கப் கலைஞர் எடுத்து, ஓரங்களை விரலால் கரைத்து, கொஞ்சம் பவுடர் வைத்துவிடுகிறார். ஹோமப் புகையிலும் வியர்வையிலும் கலையாமல் இருக்க, தாலி கட்டும் முன் இன்னொரு முறை தொட்டுவிட்டால் போதும்.